இன்வாய்ஸ் எண் 23

மெத்தை கம்பெனிக்கு நான்காவது நினைவூட்டலை எழுத உட்கார்ந்தபோது ரைட்டரம்மாவுக்குக் காது மடல் சூடாகியிருந்தது. ரைட்டரம்மா என்பது தங்கை வைத்த பேர். கேலிக்கு வைத்தது, பிறகு வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. நாலு கம்பெனிகளின் வலைப்பதிவுகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பல் டாக்டர் ஒருவர், வாடகைக் கார்க்காரர் ஒருவர், செடி விற்கும் ஒரு தம்பதி, அப்புறம் இந்த மெத்தை கம்பெனி. முதுகுவலிக்காரர் எந்த மெத்தையில் படுக்கலாம், தலையணையை எப்போது தூக்கிப் போடலாம் என்றெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்து கொண்டிருந்தாள். அவள் படுப்பது என்னவோ நடுவில் குழி விழுந்த பழைய மெத்தையில்தான்.

மெத்தை கம்பெனி தர வேண்டியது நான்கு கட்டுரைகளுக்கான பணம். இன்வாய்ஸ் கிடைத்து முப்பது நாளில் தருவதாக ஒப்பந்தம். கெடு முடிந்து பத்தொன்பது நாளாகிவிட்டது. இடையில் மூன்று நினைவூட்டல் போயிருந்தது. முதலாவதைப் பூப்போல எழுதினாள்: தங்கள் பணிச்சுமைக்கு நடுவே இது விடுபட்டிருக்கலாம், சிரமத்துக்கு மன்னிக்கவும். கடன் கொடுத்தவள் மன்னிப்புக் கேட்கும் விந்தையை நினைத்து அன்று சிரிப்பு வந்தது. மூன்றாவது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு அங்கே தெரிந்தது ஒரே ஒரு பெண்தான். கட்டுரைக்குத் தலைப்புக் கொடுப்பது, திருத்தம் சொல்வது, இன்வாய்ஸை வாங்கிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவது எல்லாம் அந்தப் பெண். நேரில் பார்த்ததில்லை. போனில் குரல் கேட்டால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். இரண்டாம் நினைவூட்டலுக்கு அவள் பதில் போட்டிருந்தாள்: கணக்குப் பிரிவில் விசாரித்தேன் மேடம், உங்களுக்கு அனுப்பியாகிவிட்டதாகச் சொல்கிறார்கள், வங்கியில் ஒருமுறை பாருங்கள். மூன்றாவதுக்கும் அதே பல்லவி. ரைட்டரம்மா வங்கிக் கணக்கை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். சல்லிக்காசு வரவில்லை.

இன்னும் இரண்டு மாதமானால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட முடியாத நிலை. தங்கை நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு நாளை மதியம் கடைசி. கட்டாவிட்டால் இந்த வருஷப் பரீட்சை எழுத முடியாது, ஒரு வருஷம் போச்சு. அந்தக் கட்டணத்தை அக்காதான் கட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள், இந்த இன்வாய்ஸை நம்பி. கேட்கக்கூடிய இடத்திலெல்லாம் ஏற்கெனவே கேட்டு வாங்கியாகிவிட்டது.

அதனால் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான்காவது மடல் வேறு தொனியில் போனது. இன்வாய்ஸை மறுபடி இணைத்தாள். பொருள் வரியில் "இன்வாய்ஸ் எண் 23: கெடு தாண்டி 19 நாட்கள்" என்று போட்டாள். தொகை, கெடுத் தேதி, இதுவரை அனுப்பிய நினைவூட்டல்களின் தேதிகள், வங்கி விவரம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாள்: "பணம் அனுப்பப்பட்டுவிட்டதாக உங்கள் ஊழியர் இரண்டு முறை எனக்குப் பொய்த் தகவல் கொடுத்தார்." நகல் பகுதியில் முதலாளியின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டாள். அது கம்பெனியின் இணையதளத்திலேயே இருந்தது. அனுப்பு என்பதை அழுத்தியபோது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

பன்னிரண்டு பத்துக்கு முதலாளியின் பதில் எல்லோருக்கும் வந்தது. இரண்டே வரி. வெளியாளிடம் பொய் சொல்வது நம் கம்பெனிக்கு அவமானம், கணக்குப் பிரிவு இன்று நாலு மணிக்குள் இந்தத் தொகையை அனுப்பிவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர் மூன்று மணிக்கு என் அறைக்கு வரவும்.

ரைட்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பல நாளாக மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. தங்கைக்கு, இன்று வந்துவிடும், கவலைப்படாதே என்று செய்தி அனுப்பினாள். பசி எடுத்தது. நின்றபடியே சாப்பிட்டாள்.

இரண்டேகாலுக்குப் போன் அடித்தது. மெத்தை கம்பெனிப் பெண்தான். குரல் தணிந்திருந்தது. மாடிப்படியிலோ எங்கேயோ நின்று பேசுகிறாள் போலிருந்தது, எதிரொலி கேட்டது.

"மேடம், நான் பொய் சொல்லல. சிஸ்டத்துல பணம் போயிடுச்சுன்னுதான் காட்டுது. நான் பார்த்ததைத்தான் உங்ககிட்ட சொன்னேன்."

ரைட்டரம்மா விறைப்பாகவே பதில் சொன்னாள். போயிருந்தால் வந்திருக்க வேண்டும் அல்லவா என்றாள்.

"அதான் மேடம் எனக்கும் புரியல. இந்த மாசக் கடைசியிலதான் என்னை நிரந்தரம் பண்றதா சொல்லியிருந்தாங்க. மூணு மணிக்குக் கூப்பிட்டிருக்கார். திரையை ஒரு படம் எடுத்து அனுப்புறேன், நீங்களே பாருங்க. ஏதாவது தோணுச்சுன்னா சொல்லுங்க."

படம் வந்தது. இன்வாய்ஸ் எண் 23. நிலை: செலுத்தப்பட்டது. ஆனால் தேதி முந்தின மாதத்துடையது. தொகையும் வேறு, மூன்று கட்டுரைக்கான தொகை. அந்தப் பணம் வந்தது ரைட்டரம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. மின்கட்டணமும் வீட்டு வாடகையும் அதில்தான் போனது.

அவள் தன் கணினியில் இன்வாய்ஸ்கள் இருந்த கோப்புறையைத் திறந்தாள். மாதாமாதம் பழைய இன்வாய்ஸை நகலெடுத்து, தேதியை மாற்றி, கட்டுரைகளை மாற்றி, தொகையை மாற்றி அனுப்புவது அவள் வழக்கம். மூன்று கட்டுரைக்கானதைத் திறந்தாள். எண் 23. நான்கு கட்டுரைக்கானதைத் திறந்தாள். அதிலும் எண் 23.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் மாற்றியவள் எண்ணை மாற்ற மறந்திருந்தாள். அதே ஆளிடமிருந்து அதே எண்ணில் இன்னொன்று வந்தால் கணக்கு மென்பொருள் அதை ஏற்கெனவே வந்ததன் நகல் என்று ஒதுக்கிவிடும். ஒரு பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 23 என்னாயிற்று என்று யார் கேட்டாலும், செலுத்தப்பட்டது என்றுதான் திரை சொல்லும். அவள் அனுப்பிய நான்கு நினைவூட்டலிலும் கொட்டை எழுத்தில் இருந்ததும் அந்த 23தான். அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மணி இரண்டு இருபத்தைந்து.

எழுத வேண்டியது மூன்று வரி. தவறு என்னுடையது, ஒரே எண்ணை இரண்டு முறை போட்டுவிட்டேன், உங்கள் ஊழியர் சொன்னது சரி. மடலைத் திறந்தாள். அந்த மூன்று வரியையும் எழுதினாள். விரல் அனுப்பு என்பதற்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. இதை அனுப்பினால் கணக்குப் பிரிவு என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். சரியான எண்ணுடன் புது இன்வாய்ஸ் அனுப்புங்கள், கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள் என்று சொல்லும். அப்படிச் சொன்னால் குறை சொல்லவும் முடியாது. இப்போது முதலாளியின் கோபத்துக்குப் பயந்து எதையும் பார்க்காமல் அனுப்பப் போகிறார்கள். கோபம் தணிந்தால் பார்ப்பார்கள்.

தங்கை வகுப்பு முடிந்து வந்தாள். பையைக் கழற்றாமலேயே, "வந்துடுச்சாக்கா?" என்று கேட்டாள். நாலு மணிக்கு என்றாள் ரைட்டரம்மா. தங்கை முகம் கழுவப் போனாள். போகும்போதே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். ஒரு வாரமாக அவள் வாயில் பாட்டு வந்ததில்லை.

நாலு மணிக்குப் பணம் வரட்டும், நாலு ஐந்துக்கு அனுப்பிவிடலாம் என்று ரைட்டரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடும்? முதலாளி நாலு வார்த்தை திட்டுவார். உண்மை தெரிந்ததும் அவரே கூப்பிட்டு வருத்தம் தெரிவிப்பார். எந்த ஆபீசில் திட்டு விழவில்லை? இப்படி நியாயம் கற்பிப்பதில் அவள் கெட்டிக்காரி. காசு வாங்கிக்கொண்டு மெத்தைக்கே மகத்துவம் எழுதுகிறவளுக்கு இது என்ன பிரமாதம்? ஆனாலும் அந்த எதிரொலிக்கும் குரல் காதைவிட்டுப் போகவில்லை. ஏதாவது தோணுச்சுன்னா சொல்லுங்க.

மூன்று ஆனது. மூன்று பத்து ஆனது. அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். தன்னைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மூன்று இருபத்தைந்துக்கு, பணம் போனால் போகட்டும், அந்தப் பெண் தலை தப்பட்டும் என்று அனுப்பியேவிட்டாள். முதலாளிக்கும் கணக்குப் பிரிவுக்கும் அந்தப் பெண்ணுக்கும். அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கையிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

நாலு ஐந்துக்குப் போன் அதிர்ந்தது. வங்கியிலிருந்து செய்தி. முழுத் தொகையும் வந்திருந்தது.

நம்ப முடியாமல் இரண்டு முறை படித்தாள். உடனே முதலாளிக்குப் போன் போட்டாள். இணையதளத்தில் இருந்த எண்ணில் ஒரு வரவேற்பாளர் எடுத்து இணைப்புக் கொடுத்தார். முதலாளி மரியாதையாகவே பேசினார். மடலைப் பார்த்தாராம். கட்டுரை எழுதியது உண்மை, பணம் என்றைக்கானாலும் தர வேண்டியது, அதனால்தான் தடுக்கவில்லை, புது எண்ணில் இன்வாய்ஸ் மட்டும் அனுப்பிவிடுங்கள் என்றார். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டாள்.

"அவ திரையைக் காட்ட வந்தா, நான் பார்க்கல. அறைக்கு வெளியவே பத்து பேர் முன்னாடி வேலையை விட்டுப் போன்னு சொல்லிட்டேம்மா. அவளும் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இனிமே கூப்பிட்டா வருவாளா, என்னன்னு கூப்பிடுறது. மூணு மணிக்கு முன்னாடி நீங்க சொல்லியிருந்தா வேற."

மூன்று மணிக்கு முன்னால் தனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சரி சார் என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பெண்ணை மூன்று முறை அழைத்தாள். எடுக்கவில்லை. பிறகு உட்கார்ந்து நீளமாக ஒரு செய்தி எழுதினாள். தவறு முழுக்கத் தன்னுடையது என்று எழுதினாள். இரண்டு இருபத்தைந்துக்கே தெரிந்துவிட்டது, பணம் நின்றுவிடுமோ என்று பயந்து ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தேன் என்பதையும் எழுதினாள். அதை எழுதாமல் விட்டால் இன்னொரு முறை அவளைப் பலி கொடுத்தது போலாகும் என்று தோன்றியது.

உள்ளறையில் தங்கை கல்லூரியின் கட்டணப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவின் கார்டு எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்குப் பதில் வந்தது. நீளமில்லை.

"பரவால்ல மேடம். பணம் வந்துடுச்சா?"

ரைட்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, குத்தலா, நிஜமான அக்கறையா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். வந்துடுச்சு என்று எழுதி அனுப்பினாள். அதற்குக் கீழே இன்னும் ஏதாவது எழுத வேண்டும். பிழைப்பே எழுத்து, ஆனால் இரண்டு சொல் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள்.

"அக்கா, ஓடிபி வந்திருக்கும் பாரு. சொல்லு," என்றாள் தங்கை.

அந்தப் பெண்ணின் செய்தியை மறைத்துக்கொண்டு திரையின் மேலே ஆறு எண்கள் வந்து நின்றன. ரைட்டரம்மா அவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள்.