பெருவிரல் மை

நேசபாயின் இடது பெருவிரலில் ரேகை இல்லை. கருங்கல் ஊர்ப் பக்கத்து முந்திரி ஆலையில், ஊர்ப் பேச்சில் அண்டியாபீஸில், பதினாறு வருஷமாக முந்திரிக்கொட்டை தல்லி உடைக்கிறவளுக்கு ரேகை எங்கே இருக்கும்? கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். ரேஷன் கடை மிஷின்கூட அவளை இன்னாரென்று ஒத்துக்கொள்வதில்லை.

அந்த விரல் காட்டிய கூத்துதான் இது.

அரசாங்க வேலைக்கான எழுத்துத் தேர்வு. மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹால் போட்டிருந்தார்கள். பத்தாம் கிளாஸ் மட்டுமே படித்த நேசபாய்க்கு வயசு வரம்பு இந்தத் தேர்வோடு முடிகிறது. அடுத்த தடவை விண்ணப்பமே போட முடியாது. கூட வந்தவள் குளோரி, சித்தி மகள், அதே அண்டியாபீஸில் பக்கத்துப் பலகையில் உட்காருகிறவள், பத்து வயசு இளையவள். படி படி என்று அவளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததே நேசபாய்தான். பக்கத்துப் பக்கத்து நம்பர் என்பதால் ஹாலிலும் அடுத்தடுத்த பெஞ்சு.

கண்காணிப்பாளர் செல்வதாஸ் சார் நல்ல மனிதர். தொடங்குமுன்பே நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"கறுப்பு மை பால்பாயிண்ட் பேனா மட்டும். வட்டத்த முழுசா நெறைக்கணும். ஒரு கேள்விக்கு ஒரு வட்டந்தான், ரெண்டு கறுத்தா அந்தக் கேள்வி போச்சு. தெரியல்லேன்னா E-ய நெறைக்கணும், சும்மா விடப்பிடாது. ரப்பர் போட்டு அழிக்கப்பிடாது, பிளேடு வெச்சுச் சுரண்டப்பிடாது, வெள்ளை மை பூசப்பிடாது. பேப்பர மடக்கப்பிடாது. ஓரத்துல உள்ள கறுப்புப் பட்டைகளத் தொடப்பிடாது, மிஷின் அத வெச்சுத்தான் வரிசை பிடிக்கும். வேற பேப்பர் கேட்டாத் தர மாட்டேன், கேட்டுக்கிடுங்க."

நேசபாய் கேட்டுக்கொண்டாள். ஸ்கேல் போல விரலை ஓட்டி, கேள்வி நம்பரையும் வட்டத்தின் நம்பரையும் ஒவ்வொரு தடவையும் ஒத்துப் பார்த்து நிறைத்தாள். வரிசை மாறவில்லை. ஒரு வட்டம்கூடக் கோடு தாண்டவில்லை. குளோரியோ தேய்ந்த சோப்பு மாதிரி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது நேசபாய்க்கு மனசு நிறைந்திருந்தது. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று அவளுக்கே தெரிந்தது.

இனி கால் மணி நேரம். A எத்தனை, B எத்தனை என்று எண்ணி அதற்குரிய கட்டத்தில் நிறைக்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். சார் மை டப்பாவோடு வந்தார். காலையில்தான் புது மை ஊற்றியிருக்க வேண்டும், பஞ்சு நொதநொதவென்று கிடந்தது.

"ரேகை விழல்லியே மக்களே," என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் அமர்த்து."

"எனக்கு ரேகையே கெடையாது சார்."

"அது எனக்குத் தெரியும், மேல உள்ளவனுக்குத் தெரியாண்டாமா? நல்லா மை தொட்டு வை."

வைத்தாள். ஒரு நீலப் பொட்டு விழுந்தது. சார் போதும் என்று நகர்ந்தார். நேசபாய் எண்ணிக்கையை நிறைக்கக் குனிந்தாள். தாள் நழுவாமல் இருக்க இடது கையால் பிடித்தாள். அட பாவமே! கையை எடுத்தபோது பெருவிரலில் மிச்சமிருந்த நீலம் நீளமாக இழுபட்டிருந்தது. ஒரு கேள்வியில் அவள் நிறைத்திருந்தது C. பக்கத்து D வட்டத்துக்குள் மங்கலாக மை.

ரெண்டு கறுத்தா போச்சு. அந்தக் கேள்வி அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. அது போகலாமா?

"சார், மை பட்டுப் போச்சு. வேற தாள்..."

"நான்தான் சொன்னேனே. அப்படியே விடு, தொடாத. லேசாத்தான் இருக்கு."

அடுத்த பெஞ்சில் குளோரியும் அதே மையில் அதே கோலம். "எனக்கும் பட்டுட்டு எக்கா, என்னத்தையோ ஆகட்டு," என்று கிசுகிசுத்துவிட்டு, நீலம் பட்ட தாளை அப்படியே வைத்துவிட்டு எண்ணிக்கையைப் போட்டுக் கை கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

நேசபாயால் அது முடியவில்லை. அந்த நீலத்தைத் தவிர அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்தது, எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எங்கே ஓட? கதவில் போலீஸ், மேசையில் தாள், தாளில் மை.

அண்டியாபீஸ்காரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையில் கறுப்பு ஒட்டினால் தண்ணீரும் சோப்பும் அசைக்காது. தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தேய்த்தால் இளகி வந்துவிடும். எண்ணெய்க் கிண்ணம் இல்லையென்றால் எண்ணெய் தேய்த்த தலைமுடி இருக்கிறது. ரப்பர் கூடாது, பிளேடு கூடாது, வெள்ளை மை கூடாது. எண்ணெய் கூடாது என்று சார் சொல்லவில்லையே! பயந்தவள் புத்தி எப்படியெல்லாம் வக்கீல் வேலை பார்க்கிறது பாருங்கள்.

வலது சுட்டுவிரலை வகிட்டோரம் ஓட்டினாள். D வட்டத்தில் மெல்லத் தேய்த்தாள்.

நீலம் இளகியது. ஒரு நொடி சந்தோஷம். கூடவே C-யும் இளகியது. பால்பாயிண்ட் மையும் எண்ணெய் ஜாதிதானே! அவள் அத்தனை அக்கறையாக நிறைத்த கறுப்பு B-க்கும் D-க்கும் பரவியது. துடைக்கப் போனாள், மேல் வரியும் கீழ் வரியும் சேர்ந்து மெழுகின. எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடியாகி, நனைந்த இடம் ஓரத்துக் கறுப்புப் பட்டை வரைக்கும் போனது. மறுபடி நிறைக்கலாம் என்று பேனாவை வைத்தால் முனை வழுக்கியது, மை பிடிக்கவில்லை. அழுத்தினாள். தாள் கிழிந்தது.

செல்வதாஸ் சார் தாள் வாங்க வந்தார். பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"என்ன காரியம் மக்களே செய்து வெச்சிருக்க?"

"அழிக்கல்ல சார். எண்ணெ தொட்டுத் தொடச்சேன்."

"தொடாம விட்டிருந்தா அந்த லேசான மைய மிஷின் எண்ணியிருக்கவே மாட்டாது. எண்ணினாலும் ஒரு கேள்விதான் போயிருக்கும். ஒரே ஒரு கேள்வி!"

தாள் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தத் தாளை வாங்கி, எண்ணெய் ஊறாமலிருக்க ஒரு வெற்றுத்தாளை இடையில் கொடுத்து, குளோரியின் தாளுக்கு மேலே வைத்துக் கட்டினார்.

முடிவு வந்த அன்று ஊரில் சகாயசெல்வி நடத்துகிற நெட் சென்டருக்கு இரண்டு பேரும் போனார்கள். குளோரியின் பெயருக்கு மதிப்பெண்ணும் தரவரிசையும் வந்தது, சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பும் வந்தது. நேசபாயின் நம்பருக்கு விடைத்தாள் செல்லாது என்று ஒரே வரி. சகாயசெல்வி விடைத்தாளின் படத்தையும் திறந்தாள். எண்ணெய்க் கறை படத்தில் கறுப்பாக, கிழிசலோடு விழுந்திருந்தது. கறை படாத விடைகளை மட்டும் விடைக்குறிப்போடு ஒத்துப் பார்த்தாள். அதிலேயே குளோரியை விட நேசபாய்க்கு மார்க் கூடுதல். சகாயசெல்வி அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

குளோரிதான் அழுதாள். நேசபாய்க்கு அழுகை வரவில்லை. தங்கச்சி மேல் பொறாமையாக இருந்தது. பொறாமையாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் குளோரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, சென்னைக்கு நான் தனியாப் போனதில்ல. அம்மைக்கும் ஒடம்புக்கு முடியாது. நீ கூட வருவியா?"

நேசபாய் கையை இழுக்கப் பார்த்தாள். குளோரி விடவில்லை.

"வாறேன்," என்றாள் நேசபாய். "சர்டிபிகேட்ட எல்லாம் எங்கிட்ட தா. நான் அடுக்கி வைக்கேன்."