அமாவாசையில் பிடித்த தண்ணீர்

ஆய்விதழில் வரவிருந்த எங்கள் கட்டுரையின் அச்சுப் பிழைதிருத்தப் பிரதி செல்போனில் வந்தபோது நான் ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். என் பெயர் அச்சில் வரப்போகிறது என்று பல்லெல்லாம் தெரியத் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு செத்துப்போனது.

பட்டுச் சாயப் பட்டறைக் கழிவுநீரை வேர்க்கடலைத் தோல் கரியில் வடிகட்டினால் எவ்வளவு சாயம் நீங்கும் என்பதுதான் ஆய்வு. வேலூரில் இருக்கும் என் வழிகாட்டி ஜீவானந்தம் சார் கட்டுரையின் முதல் ஆசிரியர். இரண்டாவது நான், திலகவதி. மூன்றாவது தென்னரசு, எனக்கு அடுத்து சேர்ந்த ஆய்வு மாணவன். பட்டறையில் தண்ணீர் பிடித்ததும் சோதித்ததும் நான்தான். எட்டு முறை பிடித்தேன், மெல்ல ஏறி எட்டாவதில் நூற்றுக்கு அறுபது நீங்கியது. இந்தப் பிரதியிலோ பன்னிரண்டு முறை, கடைசியில் தொண்ணூற்றாறு! நான் படித்து ஒப்புக்கொண்ட பிரதியில் இது இல்லை. மதிப்பீட்டாளர்கள் திருத்தம் கேட்டபோது சார் எனக்குக் காட்டாமல் செருகி அனுப்பியிருக்கிறார்.

செருகியதாவது ஒழுங்காகச் செருகினாரா? செருகிய நான்கும் வாரம் தவறாமல் புதன்கிழமை. அதில் ஒன்று ஜனவரி இருபத்தொன்பது. அடப்பாவி மனுஷா, அன்றைக்குத் தை அமாவாசை! அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது, பட்டறையில் அடுப்பு மூட்டமாட்டார்கள். மூட்டாத அடுப்பிலிருந்து சாயத்தண்ணீர் எப்படி வந்தது? தொண்ணூற்றாறை நம்பி வடிகட்டிய நீரைக் கால்வாயில் விட்டால், அது எங்கள் தெரு போர்வெல்லுக்குத்தான் வரும்.

அங்கேயே நின்று போன் செய்தேன்.

"சார், கடைசி நாலு சாம்பிள் யாருங்க எடுத்தது?"

"ரிவ்யூவர் பத்துக்கு மேல வேணும்னான்மா. டிரெண்டப் பாத்து போட்டுக்கினேன். ஊர்ல எல்லாரும் பண்றதுதான்."

"ஒண்ணு அமாவாசை சார்."

"ஜர்னல்காரன் இன்னா பஞ்சாங்கம் பாத்துகினு இருக்கானா? சும்மா பேஜார் பண்ணாத. தீசிஸ்ல என் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் அவர் கையெழுத்தில்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் இந்தத் திமிர்.

அடுத்துத் தென்னரசுக்குப் போன் போட்டேன், பதறினான். "வாய மூடிக்கினு போயிடுக்கா. அஞ்சு வருஷ உழைப்புக்கா."

"நீ மூடிக்கோடா. எனக்கு மூடத் தெரியல."

வீட்டுக்கு வந்ததும் சாருக்கும் இதழாசிரியருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அடித்தேன், தென்னரசுக்கு நகல். திருத்திய பிரதியை எனக்குக் காட்டவில்லை. அதிலுள்ள நான்கு அளவீடுகளை நான் எடுக்கவில்லை. ஆசிரியராக இருக்க நான் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிடும் முன் என் பெயரை எடுத்துவிடுங்கள். நன்றியுரையிலும் என் பெயர் வேண்டாம்.

இதழாசிரியர் வெளியீட்டை நிறுத்திவைத்தார். பெயர் நீக்க ஆசிரியர்கள் எல்லோரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், முதல் ஆசிரியர் காரணமும் சொல்ல வேண்டும் என்றார். சார் மறுநாளே குஷியாகக் கையெழுத்துப் போட்டார், தென்னரசையும் போட வைத்தார். காரணம் என்ன எழுதினார் தெரியுமா? 'இவர் பங்களிப்பு மிகக் குறைவு.' வெயிலில் கேன் தூக்கி அலைந்தவள் நான்! படித்துவிட்டு அடுக்களையில் இரண்டு பாத்திரத்தைத் தூக்கி எறிந்தேன்.

அந்தக் காரணமே அவருக்கு வினையானது. கட்டுரையின் கடைசியில் யார் எதைச் செய்தார் என்று அவரே எழுதிக் கொடுத்த குறிப்பு இருந்தது: நீர் சேகரிப்பு, சோதனை, அளவீடு, எல்லாம் திலகவதி. இதழாசிரியர் எங்கள் எல்லோருக்கும் பதில் எழுதினார். 'இவரை நீக்கினால் இந்தச் சோதனைகளைச் செய்தது யார்? பன்னிரண்டுக்கும் மூலத் தரவுகளை அனுப்புங்கள்.'

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் நின்றது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் தாண்டி ஆரணிப் பக்கம் ஒரு நாளும் வராத சார், கையில் ஸ்வீட் டப்பாவோடு வந்திருந்தார்.

"திலகா, கோவத்துல எழுதிட்டேன்மா. உன் பேரு இருக்கட்டும். முதல் பேராவே போட்டுடறேன். பன்னெண்டையும் அளந்தது நான்தான்னு நீ ஒரு வரி எழுதிக் குடுத்துடு. தீசிஸ்ல இன்னிக்கே கையெழுத்து போடறேன்."

வேண்டியதெல்லாம் தட்டில் வைத்து நீட்டினார். ஒரு நொடி எனக்கு ஆசை வந்தது. வந்ததற்காக இன்னும் ஆத்திரம் வந்தது.

"அமாவாசையன்னிக்குப் புடிச்ச தண்ணி ஒரு சொம்பு கொண்டாங்க சார். அளந்துட்டு எழுதித் தரேன்."

அவர் முகம் சுருங்கியது. "வேற கைடு எவன் உன்ன எடுப்பான், பாக்கறேன்."

"பாருங்க. ஸ்வீட் டப்பாவ எடுத்துக்கினு போய்ப் பாருங்க."

சாயங்காலம் இதழிலிருந்து தகவல் வந்தது. முதல் ஆசிரியர் கட்டுரை முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொண்டாராம், சொந்தக் காரணங்களுக்காக. சொந்தக் காரணமாம்! என் ஐந்து வருடமும் அதோடு போனது. அன்று நெடுநேரம் அழுதேன், நடுநடுவே அவரைத் திட்டினேன். மறுநாள் காலை கேனைக் கழுவினேன். அன்றைக்குப் பட்டறையில் அடுப்பு எரியும் நாள்.