ஊசிக்கோபுரம் தெரிந்த படம்

சேலத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம். அதுவரை என்னிடம் ஒருவர்கூட 'இல்லை' என்று சொன்னதில்லை. நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் ஊரில் மழை வரும் என்றால்கூட ஏன் வரும் என்று கேட்பார்கள். இங்கே எதைச் சொன்னாலும் 'ஆமாங்க'. அதற்கு மேல் பேச்சை எங்கே கொண்டுபோவது?

எக்ஸ்ரே படங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. மனைவிக்கு ஊரில் பள்ளிக்கூட உத்தியோகம், குழந்தையும் அவளோடு. செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிக்கு மேலே ஒரு மாடி அறையில் நான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று யாரைக் கூப்பிட்டாலும் 'வாரேனுங்க' என்பார்கள். வரமாட்டார்கள். இரண்டு பேருக்கு வடித்த சோற்றைத் திங்கள்கிழமையும் நானே தின்றிருக்கிறேன். அப்போது தனிமை வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அப்படி வராதவர்களில் ஒருவர் டாக்டர் ராசப்பன். திருச்செங்கோட்டுப் பக்கம் கிராம ஆஸ்பத்திரியில் பத்துப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் குழந்தை வைத்தியப் பயிற்சிக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். என்னைவிட மூத்தவர், தங்கமான மனிதர். அன்று மத்தியானம் கையில் ஒரு படத்தோடு என் அறைக்கு வந்தார்.

"குமாரபாளையத்துப் பையனுங்க. நாலு வயசு. மூச்சு இழுக்கறப்ப சத்தம் வருது. குரூப்புதானுங்க?"

குரூப் என்பது குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் வீங்கும் ஒரு வியாதி. விளக்குப் பெட்டியில் படத்தைச் செருகினேன். கழுத்தை நேர் முன்னாலிருந்து எடுத்த படம். குரல்நாணுக்குக் கீழே மூச்சுக்குழலில் இருக்கும் காற்று கறுப்பாகத் தெரியும். அதற்கு இரண்டு பக்கமும் தோள்கள் போல வளைவு இருக்க வேண்டும். இதில் தோள் இல்லை. மேலே போகப்போகக் குறுகி ஊசியாக முடிந்தது. எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

"இதைத்தான் மாதா கோயில் கோபுரம் என்கிறோம். எங்கள் ஊர் ஊசிக்கோபுரம் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தேன். "குரூப்பில் குரல்நாணுக்குக் கீழே சவ்வு வீங்கி இரண்டு பக்கமும் நெருக்கும். அதனால் தோள் சரிந்துவிடும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் அதிகம். முதலில் சளி, அப்புறம் தொண்டை கட்டும், நாய் குரைப்பது போல இருமல். விளங்குகிறதா?"

"ஆமாங்க."

கோபுரத்தில் எப்போது மணி அடிப்பார்கள் என்பது வரைக்கும் சொல்லியிருப்பேன். பேச ஆள் கிடைத்த சந்தோஷம். நல்லவேளை, வாய் ஓய்ந்த இடைவெளியில் மூளை கொஞ்சம் வேலை செய்தது. பையனுக்கு நாலு வயது.

"இருமலை நீங்கள் கேட்டீர்களா?"

"கேட்டேனுங்க. நாய் கொரைக்கற மாதிரி இருமறானான்னு. ஆமாங்கன்னு அவங்கம்மா சொன்னாங்க."

"விசாரித்ததைக் கேட்கவில்லை சார். உங்கள் காதில் இருமல் விழுந்ததா?"

அவர் யோசித்தார். "அவங்கம்மா சொன்னதுதானுங்க."

"சளி?"

"அதையும் கேட்டனுங்க. ஆமான்னாங்க."

பையன் கொம்போடு பிறந்தானா என்று கேட்டிருந்தாலும் அந்தம்மாள் ஆமாங்க என்றுதான் சொல்லியிருப்பாள். டாக்டரிடம் 'இல்லை' என்று சொல்வது மரியாதைக் குறைவு. இதை ராசப்பனிடம் சொல்லிப் பயனில்லை. அவரும் ஆமாங்க என்பார்.

"காய்ச்சல்?"

"காத்தாலயிருந்து அனலாக் கொதிக்குதுங்க. நேத்து நல்லா வெளையாடியிருக்கான். துண்டெல்லாம் ஒரே எச்சிலுங்க."

எச்சிலை விழுங்க முடியவில்லை என்றால் இது குரூப் இல்லை. "பக்கவாட்டுப் படம் எங்கே?"

"பையன் ஆடிட்டான்னு ரங்கன் சொன்னாரு. மறுக்கா எடுக்கறாருங்க."

ரங்கன் எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஆடுகிற குழந்தையை மேசையில் படுக்கவைத்துப் பிடிப்பது அவன் வழக்கம். அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் ஒரு பெண்குரல் கேட்டது.

"இல்லைங்க. படுக்க வெக்க உட மாட்டேனுங்க."

"ரெண்டே நிமிசம்மா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"யாரு சொன்னாலும் இல்லைங்க. படுத்தாப் பையனுக்கு மூச்சு நிக்குதுங்க."

அந்த ஊரில் நான் கேட்ட முதல் 'இல்லை' அது. நாங்கள் இருவரும் ஓடினோம். பையனின் அம்மா முத்தாயம்மாள், தலையில் தறிப்பஞ்சு ஒட்டியபடி, மேசைக்கும் மகனுக்கும் நடுவில் நின்றிருந்தாள். பையன் ஸ்டூலில் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, மோவாயை நீட்டி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். எச்சில் ஒழுகியது. அழவில்லை. இருமவே இல்லை. மூச்சு விடுவது ஒன்றே அவனுக்கு வேலையாக இருந்தது.

ராசப்பன் தொண்டையைப் பார்க்க டார்ச்சையும் நாக்கு அழுத்தும் கட்டையையும் எடுத்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொடாதீர்கள். கட்டை பட்டால் மொத்தமும் அடைத்துக்கொள்ளும். படுக்கவைக்கவும் கூடாது, அழவைக்கவும் கூடாது. அம்மா மடியிலேயே இருக்கட்டும்."

ஆபரேஷன் தியேட்டருக்கு போன் போட்டேன். மயக்க மருந்து டாக்டர் சுவாமிநாதன் தயாராகிவிட்டு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். குழாய் இறங்காவிட்டால் கழுத்தில் துளை போடத் தொண்டை டாக்டரும் கத்தியோடு நிற்க வேண்டும் என்றேன். ராசப்பன் காற்றடிக்கும் பையும் முகமூடியும் எடுத்துவந்து பையன் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டார். அதற்குள் ரங்கன், முதலில் எடுத்து ஆடிப்போன பக்கவாட்டுப் படத்தை ஈரம் சொட்டச்சொட்டக் கொண்டுவந்தான்.

"இதைப் பாருங்கள்" என்றேன் மெல்ல. "நாக்கின் அடியில் மூச்சுக்குழலுக்கு மூடி போல ஒன்று இருக்கிறதே, குரல்வளை மூடி. பக்கவாட்டில் மெல்லிசாக ஒரு இலையின் ஓரம் போலத்தான் தெரிய வேண்டும். இங்கே?"

ராசப்பன் தன் கட்டைவிரலைத் தூக்கிப் படத்தின் பக்கத்தில் பிடித்தார். கலங்கிய படத்திலும் அதே பருமன், அதே உருண்டை முனை.

"அதுதான். மூடி வீங்கிவிட்டது. நேர்ப்படத்தில் இது தெரியாது. சில சமயம் இந்த வியாதியிலும் வீக்கம் கீழே இறங்கிக் கோபுரம் போலக் காட்டும். நானே மயங்கினேன். குரூப்பில் பாதிப் பேருக்குக் கோபுரமே தெரியாது. பையனைப் பார்த்ததும் சந்தேகம் வந்தால் படத்துக்காகக் காத்திருக்கவே கூடாது."

இந்த முறை அவர் ஆமாங்க என்று சொல்லவில்லை. பையனைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

சக்கர நாற்காலி வந்தது. முத்தாயம்மாள் மடியில் பையன் உட்கார்ந்தபடியே போனான். உட்காரவைத்தே மயக்க வாயு கொடுத்துக் குழாயை இறக்கினார்கள் என்று பிறகு தெரிந்தது. மூடி பழுத்த செர்ரி மாதிரி இருந்ததாம். கத்திக்கு வேலை வரவில்லை. குழாய் இறங்கியதும் கிருமியைக் கொல்லும் குளோராம்பெனிக்கால் ஊசி போட ஆரம்பித்தார்கள்.

நான் என் அறைக்குத் திரும்பினேன். விளக்குப் பெட்டியில் கோபுரம் அப்படியே இருந்தது. மனைவிக்கு இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஊருக்கு டிரங்கால் போட்டால் லைன் கிடைக்கப் பொழுது விடிந்துவிடும்.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். பையன் தூங்கினான். கைகளை மெத்தையோடு துணியால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ராசப்பன்.

"இன்றைக்காவது சாப்பிட வாருங்கள் சார்."

"இல்லீங்க" என்றார். "வர முடியாதுங்க. இவன் முழிச்சுக் கொழாயப் புடுங்கிட்டா வம்பு. பக்கத்துலயே இருக்கோணும்." கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கும் வாரேன்னு சொல்லியிருக்கக் கூடாதுங்க. உங்க மனசு நோவக் கூடாதுன்னு சொன்னது."

நியாயமாக எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அறைக்குப் போய் இரண்டு பேருக்குச் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தேன். கட்டிலைவிட்டுக் கண்ணெடுக்காமல் ராசப்பன் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

"குழம்பு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் வாய்க்குள் இருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க. உப்பு ரொம்ப அதிகமுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டேன். தட்டை நீட்டினார்.