திங்கட்கிழமைக் குறிப்பில் மூடாத ஒரு வரி

மாத்தளை நகருக்கும் அலுவிகாரைக்கும் இடையில் இயங்கிய அந்த மிளகு ஆராய்ச்சிக் குழுவில், ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் கூட்டம் நடைபெறும். கூட்டக் குறிப்பு எழுதும் கடமை சிவதர்ஷினியுடையது. சென்ற வாரத்தின் பெறுபேறுகள், அடுத்து செய்ய வேண்டியவை, அவற்றுக்குப் பொறுப்பானவர், தரவுகள் வைக்கப்பட்டுள்ள இடம் ஆகிய யாவும் அன்றன்றே பொதுக் கோப்புறையில் ஏறிவிட வேண்டும். செய்யப்படாத வேலை சிவப்பு நிறத்தில் அடுத்த வாரக் குறிப்புக்கு நகரும். அதனை மூடும் உரிமை பொறுப்பானவருக்கு மட்டுமே உண்டு. குழுவின் தலைவி சுசீலாதேவி வகுத்த இந்தக் கடைசி விதியை எவரும் மீறியதில்லை.

அன்று சுவரில் விரிந்த திரையில், சிவப்பு வரி ஒன்று மீண்டும் தலைகாட்டியது.

‘யட்டவத்த சோதனைத் தோட்டத்தின் ஆரம்பத் தரவு எங்குள்ளது எனப் பவித்ரனிடம் கேட்டறிதல். பொறுப்பு: சிவதர்ஷினி.’

“என்ன பிள்ளை, இது இன்னும் சிவப்பிலதானே கிடக்கு?” என்றார் சுசீலாதேவி.

“இந்த வாரம் எழுதுறேன் மெடம்.”

“போன கூட்டத்திலயும் இதத்தான் சொன்னாங்க மெடம்,” என்றான் வயல் வேலைகளைக் கவனிக்கும் அன்ஸாப். “இந்த வரிக்கும் ஒரு கூடை கொம்போஸ்ட் போட்டுப் பாப்போம். காய்ச்சாலும் காய்க்கும்.”

அனைவரும் சிரித்தனர். சிவதர்ஷினியும் சிரித்தாள், ஆனால் அவளுடைய விரல்கள் விசைப்பலகையின் மேல் அசையாதிருந்தன.

அவள் எழுதாததற்குச் சோம்பல் காரணமன்று. குழுவில் அவளுடன் பணியாற்றிய பவித்ரன் ஜப்பானுக்கு மேற்படிப்புக்காகச் சென்று ஓராண்டு கடந்துவிட்டது. இந்த ஓராண்டில் அவனுக்கு எழுதத்தக்க நியாயமான காரணம் எதுவும் அவளுக்குக் கிட்டவில்லை. நலமா என்று கேட்பது காரணமாகாது. கேட்டால் நலம் என்பான், அத்துடன் அது முடிந்துவிடும். கடைசியில் கூட்டமே முன்வந்து, அவனுக்கு எழுதுமாறு அவளைப் பணித்தது. வீடிருந்த உக்குவளையிலிருந்து பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்த மடலை மனத்துக்குள் எழுதி, திருத்தி, மீண்டும் எழுதினாள். அனுப்பினால் பதில் வரும். பதில் வந்தால் வரி மூடப்படும். மூடப்பட்ட பின்னர் எழுதுவதற்கு என்ன இருக்கும்? ஆகவே அந்தச் சிவப்பு வரியைச் சிறு பிள்ளையின் கையைப் பிடித்து நடத்துவதைப் போல வாரந்தோறும் அடுத்த வாரத்துக்கு அழைத்து வந்தாள்.

அன்ஸாப் பெறுபேறுகளை வாசித்தான். நன்மை செய்யும் டிரைக்கோடெர்மா பூஞ்சணத்தைக் கொம்போஸ்ட் உரத்துடன் கலந்து இட்ட பாத்திகளில், மிளகுக் கொடிகளின் அடியழுகல் நோய் குறைவாகவே காணப்பட்டது. இடாத பாத்திகளில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன.

“நல்ல முடிவுதான்,” என்றார் சுசீலாதேவி. “ஆனா அந்தப் பாத்தியள் முதல்லயே சுகமா இருந்ததோ, மருந்து போட்டபிறகு சுகமானதோ? ஆரம்பத் தரவு இல்லாமல் அதை எப்படிச் சொல்லுறது? மழை துவங்கினா விவசாயியள் கன்று நடப் போறாங்கள். அதுக்குள்ள நாங்கள் சொல்ல வேணும். பிழையா சொன்னா அவங்கட தோட்டம்தான் போகும்.”

சிவதர்ஷினி திரையிலிருந்து திரும்பினாள்.

“எல்லாக் கோப்புறையிலயும் தேடிட்டேன் மெடம். யட்டவத்தன்னு போட்டுப் பாத்தேன், மிளகுன்னு போட்டுப் பாத்தேன். ஒன்னும் வரல்ல,” என்றாள் சிவதர்ஷினி. அது உண்மையே.

“அப்ப இப்பவே கேளுங்கோ. குறிப்பிலயே அவரின்ட பேரைப் போட்டு ஒரு கருத்து எழுதினா, அவருக்குப் போகும்தானே?”

மனத்துக்குள் ஒரு மாதமாகச் செதுக்கிய மடல், எல்லோருடைய கண்முன்னும் சுவரில், ஒற்றை வரியாகச் சுருங்கியது. அவள் தட்டெழுதினாள்: ‘பவித்ரன், யட்டவத்த தோட்டத்தின் ஆரம்பத் தரவு எந்தக் கோப்புறையில் உள்ளது? அவசரம்.’ இறுதிச் சொல்லை நீக்கினாள். பின்னர் அதனை மீண்டும் சேர்த்தாள்.

“நலமான்னாவது கேளுங்க தங்கச்சி,” என்று முணுமுணுத்தான் அன்ஸாப்.

“ஒங்க வேலயப் பாருங்க நானா,” என்றாள், அவனை அண்ணன் முறையில் அழைத்து.

தேநீர் வந்தது. குடித்து முடிப்பதற்கு முன்னரே, கருத்தின் கீழ்ப் பதில் முளைத்தது.

‘என் கடைசிக் கூட்டத்தில் இடத்தைச் சொன்னேன். இப்போது சரியாக நினைவில்லை, அந்த வாரக் குறிப்பில் இருக்கும். பலமுறை தேடினேன், அந்தக் குறிப்பு மட்டும் கோப்புறையில் இல்லை.’

சுசீலாதேவி கண்ணாடியைச் சரிசெய்தார். “அண்டைக்குப் பிரியாவிடை எண்டு கேக் வெட்டினதுதானே. கூட்டமும் நடந்ததோ?”

“நடந்திச்சு மெடம்,” என்றாள் சிவதர்ஷினி. “குறிப்பும் எழுதினேன். ஆனா முடிக்கல்ல. என் கணக்கிலயே வரைவாக் கெடக்கு. அதுக்கப்புறம் தொறக்கல்ல.”

அன்ஸாப் தன் கோப்பையின் அடியைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவள் அந்த வரைவைத் திறந்து, பொதுக் கோப்புறைக்குள் நகர்த்தினாள். ஓராண்டாகத் தவிர்த்த பக்கம் சுவரில் விரிந்தது. தரவின் இடம் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. மிளகுக் கோப்புறை அக்காலத்தில் மறுசீரமைக்கப்பட்டு வந்ததால், பவித்ரன் ஆரம்பத் தரவைக் கறுவாப்பட்டை ஆய்வுகளின் கோப்புறையினுள் தற்காலிகமாக வைத்திருந்தான். கோப்புகளின் பெயர்கள் வெறும் இலக்கங்கள். எவர் தேடினும் அகப்படாதது வியப்பன்று.

கறுவாக் கோப்புறையைத் திறந்து அன்ஸாப் ஒப்பிட்டான். மருந்திடுவதற்கு முன்னர் எல்லாப் பாத்திகளிலும் நோய் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்! அப்போ மருந்துதான் மெடம் வேல செஞ்சிருக்கு.”

“தீர்மானம் எண்டு எழுதுங்கோ, பிள்ளை. மழைக்கு முன்னம் விவசாயியளுக்கு அறிவிக்கிறது. தரவை மிளகுக் கோப்புறைக்கு மாத்தி, புது இடத்தையும் குறிப்பில போடுறது.”

சிவதர்ஷினி எழுதினாள். தனது சிவப்பு வரிக்கு வந்து, ‘முடிந்தது’ எனக் குறித்தாள். அதே கணத்தில் பவித்ரனும் தன் பதிலைத் ‘தீர்ந்தது’ எனக் குறித்திருக்க வேண்டும். கேள்வியும் பதிலும் சேர்ந்து திரையிலிருந்து மறைந்தன. ஓராண்டுக் காத்திருப்பு ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

“பொறுங்கோ,” என்றார் சுசீலாதேவி. “அந்தப் பழைய குறிப்பில கடைசியா ஒண்டு கிடக்கே.”

வரைவின் அடியில் ஒரு வரி இருந்தது. பிரியாவிடையன்று கேக்கை வெட்டியபடி சுசீலாதேவியே விளையாட்டாகச் சொல்ல, சிவதர்ஷினி சிரித்துக்கொண்டே எழுதியது. அதற்கு மேல் அவளால் எழுத முடியவில்லை.

‘படிப்பு முடிந்ததும் மாத்தளைக்குத் திரும்பி வருதல். பொறுப்பு: பவித்ரன். திகதி:’

“இத என்ன செய்றது மெடம்? பழசுதானே, மூடிரவா?” என்றான் அன்ஸாப், திரையைப் பார்த்தபடி.

அந்தப் பக்கத்தின் மேல் மூலையில், பவித்ரனின் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய சிறு வட்டம் தோன்றியிருந்தது; அவனும் அதைத் திறந்திருந்தான். சற்று நேரத்தில் அவனுடைய சுட்டி, அந்த வரியின் இறுதியில், திகதி இல்லாத இடத்தில் வந்து நின்று துடித்தது. வெளியே கிளிரிசீடியா மரங்களில் முதல் தூறல் விழுந்தது.

சுட்டி துடித்துக்கொண்டே இருந்தது. ஓர் எழுத்தும் விழவில்லை. பின்னர் வட்டம் மறைந்தது.

வரி இருந்தபடியே இருந்தது. அவன் அதனை மூடவுமில்லை.

“பொறுப்பானவர் மூடல்ல மெடம்,” என்றாள் சிவதர்ஷினி. “விதிப்படி நாம மூட முடியாது.”

“அப்ப அடுத்த கிழமைக்குக் கொண்டுபோங்கோ,” என்றார் சுசீலாதேவி.

அவள் அந்த வரியைப் பிரதி செய்து, வரும் திங்கட்கிழமைக் குறிப்பின் முதல் வரியாக ஒட்டி, சிவப்பு நிறம் தீட்டினாள்.