காற்றுக்குழாய்

பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாலே மில்லில் எல்லாரும் சிரித்தார்கள். ஆர்த்திகாவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

இருவரும் நர்சிங் கடைசி வருடம். சமூகப் பயிற்சிக்காகத் திருநகர் தாண்டி இருந்த நூல் மில்லுக்கு வந்திருந்தார்கள். வேலையிடத்தில் என்னென்ன ஆபத்து என்று சுற்றிப் பார்த்து ஆளுக்கொரு திட்டம் எழுத வேண்டும், அதை வைத்துத் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். நல்ல திட்டத்தை மில் ஏற்றுக்கொள்ளும் என்று கல்லூரியிலிருந்து கூட வந்திருந்த மைத்ரேயி மேடம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு ஆபத்துக்கும் எம்புட்டு வாய்ப்பு, எம்புட்டு பாதிப்பு என்று ஆர்த்திகா கண்விழித்து எழுதினாள். மில் பெண்களோ அவளைப் பார்த்ததும், "ஈஸ்வரிப் பாப்பா வரலையா?" என்றுதான் கேட்டார்கள்.

முதல் நாள் ஷிப்ட் முடிகையில், பஞ்சு சிக்கெடுக்கும் பகுதியில் வேலை பார்க்கும் சீனியம்மாள் முகமூடியைக் கழற்றினாள். மெஷினைச் சுத்தம் செய்யும் காற்றுக்குழாயை எடுத்துத் தன் தலையிலும் சேலையிலும் அடித்துப் பஞ்சுத் தூசியைப் பறக்கவிட்டாள். அந்த வேகக் காற்று கண்ணைக் கெடுக்கும், காதைக் கிழிக்கும், கிளம்பிய தூசி திரும்ப நெஞ்சுக்குள் போகும். ஆர்த்திகா சொல்ல வாயெடுத்தாள். அந்நேரம் பார்த்துப் பாண்டீஸ்வரி வந்தாள். அவள் காதில் விழுந்தால் அவள் திட்டத்தில் ஏறிவிடும். ஆர்த்திகா வாயை மூடிக்கொண்டாள். சீனியம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஆர்த்திகாவும் சிரித்துவைத்தாள்.

அடுத்த வாரம் பாண்டீஸ்வரியின் வகுப்பு. முகமூடியை மூக்கோடு எப்படிப் பொருத்துவது, லீவு முடிந்து வரும் நாளில் பஞ்சுத் தூசியால் நெஞ்சு இறுகினால் ஏன் உடனே சொல்ல வேண்டும் என்று விளக்கினாள். பெண்கள் சந்தேகம் கேட்டார்கள், மேடம் கை தட்டினார். ஆர்த்திகா உள்ளுக்குள் வெந்தாள். காற்றுக்குழாய் பற்றி இவளுக்கு ஒன்றும் தெரியாது, நாளைக்கு என் வகுப்பில் மேடமே அசந்துபோவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சீனியம்மாள் கண்ணைப் பொத்திக்கொண்டு முதலுதவி அறைக்கு வந்தாள். காற்றுக்குழாயால் தூசி தட்டுகையில் ஏதோ கண்ணில் பாய்ந்துவிட்டதாம். பாண்டீஸ்வரி அவள் கையைப் பிடித்துக் கசக்கவிடாமல் தடுத்து, சலைன் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். கருவிழியில் ஏதோ குத்தியிருந்தது. அதைத் தொடாமல், கண்ணில் அழுத்தாத மூடி வைத்து, கண் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லச் சொன்னாள். மேடம் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த நேரத்திலும் ஆர்த்திகாவுக்குப் பொறாமைதான் வந்தது.

"இம்புட்டு நாள் சுத்தினீங்க. காத்தக் கொண்டு தூசி தட்டுறத ஒருத்தருமா பாக்கல?" என்றார் மேடம்.

"இந்தப் பாப்பா பாத்துச்சு மேடம்," என்றாள் சீனியம்மாள், ஆர்த்திகாவைக் காட்டி. குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "சிரிச்சுச்சு. படிச்ச பிள்ளையே ஒண்ணும் சொல்லல, அப்ப தப்பில்ல போலன்னு தெனமும் அடிச்சேன்."

வாசலில் வண்டி வந்து நின்றது. பாண்டீஸ்வரி எழுந்தாள். சீனியம்மாள் அவளை விட்டுவிட்டு ஆர்த்திகாவின் கையைப் பிடித்தாள்.

"நீ கூட வாரியா, பாப்பா? தனியாப் போகப் பயமா இருக்கு."