ஏழாவது பந்தயத்துக்கு முன்னால்

மெரின் வீட்டு வாசலில் காரை நிறுத்திய டெஸ் காலனன், சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். லாக்லன் குதிரையிலிருந்து விழுந்துவிட்டான். மூச்சு இருக்கிறது. உன் பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறான். உடனே கிளம்பு. இதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. பந்தயத் திடலில் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது மருத்துவர் சொன்னதும் அவ்வளவுதான். "பொண்டாட்டியைக் கேட்கிறார். யாராவது சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. தாமதிக்காதீங்க." பந்தய அதிகாரிகள் போன் மேல் போன் போட்டுப் பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை.

அவள் எடுக்க மாட்டாள் என்று டெஸ்ஸுக்குத் தெரியும். குதிரை ஓட்டுகிறவர்களின் வீட்டில் வீட்டுக்கு ஒரு கிறுக்கு இருக்கும். ஒருத்தி பந்தய நாளில் தலைக்குக் குளிக்க மாட்டாள். ஒருத்தி நாய்க்குச் சோறு வைத்த பிறகுதான் தான் சாப்பிடுவாள். மெரினின் கிறுக்கில் கொஞ்சம் புத்தியும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் லாக்லன் ஓடும் பந்தயத்தை நேரலையில் பார்த்ததே இல்லை. அவன் கடைசிக் குதிரையை விட்டு இறங்கி, உடை மாற்றி, பந்தய அதிகாரிகள் திடல் வாசலில் வாங்கி வைத்திருக்கும் போனைத் திரும்பப் பெற்று, "முடிஞ்சது" என்று ஒரு செய்தி அனுப்புவான். அது வந்த பிறகு அவள் போன் மணியை அணைத்து, அதைச் சமையலறை இழுப்பறைக்குள் போட்டு மூடுவாள். முடிவை எவனும் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. பிறகு டிவியில் பந்தய சேனலின் ஆப்பைத் திறந்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை முதலிலிருந்து போட்டுக்கொள்வாள். புருஷன் பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்த பிறகு அவன் ஓடுவதைப் பார்ப்பது அவளுக்குக் கொண்டாட்டம். தெரியாமல் பார்ப்பது நரகம்.

இன்றும் "முடிஞ்சது" வந்திருந்தது. அதுதான் கொடுமை. ஐந்தாவது பந்தயம்தான் லாக்லனுக்குக் கடைசி. செய்தியை அனுப்பிவிட்டுக் கார் கதவைத் திறந்தவனைப் பயிற்சியாளர் ஓடி வந்து பிடித்தார். ஏழாவதில் ஓட வேண்டிய ஆளை மருத்துவர் தடுத்துவிட்டார், நீ ஏறுகிறாயா என்றார். லாக்லன் போனைத் திரும்ப ஒப்படைத்துவிட்டு உள்ளே போனான். அந்தத் தடுக்கப்பட்ட ஆள் டெஸ். எடை குறைக்க இரண்டு நாளாகத் தண்ணீரைக்கூட நாக்கில் மட்டும் தடவிக்கொண்டவன், ஆறாவது முடிந்து இறங்கும்போது கண் இருட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். விழுந்தது அவன் ஏற வேண்டிய குதிரை.

கதவு திறந்தது. மெரின் சிரித்த முகமாக நின்றாள்.

"வாயைத் திறக்காதே," என்றாள். "ஒரு வார்த்தை பேசினே, வெளியே தள்ளிக் கதவைச் சாத்திடுவேன். துணியெல்லாம் காயப்போட்டுட்டு இப்பத்தான் உட்கார்ந்தேன். அஞ்சாவது ஆரம்பிக்கப்போவுது."

"மெரின்..."

"டெஸ், உன் மூஞ்சியை வேற அந்தப் பக்கம் திருப்பு. உன் மூஞ்சியில எல்லாமே எழுதியிருக்கும். தோத்துட்டானா? வேணாம், சொல்லாதே. உட்காரு."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துச் சோபாவில் உட்கார வைத்தாள். டிவியில் குதிரைகள் வட்டமாக நடந்துகொண்டிருந்தன. லாக்லன் பச்சைச் சட்டையில் சேணத்தின் மேல் இருந்தான். யாரோ ஏதோ சொல்ல, தலையை ஆட்டிச் சிரித்தான். திரையின் அடியில் ஒரு கோடு. கோட்டின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மெரின் அந்தப் புள்ளியில் இருந்தாள். கோட்டின் வலது கோடியில் இருந்தது நேரலை. அங்கே இந்நேரம் திடல் வெறிச்சோடி, கடைசிப் பந்தயத்தை ரத்து செய்துவிட்டோம் என்று யாரோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது சொல், என்றது டெஸ்ஸின் மனசு. ஆனால் இந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒன்றரை நிமிட ஓட்டம். பார்த்துவிட்டுப் போகட்டுமே, இனி எப்போது இப்படிச் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தான். மனுஷனுக்குப் பயம் வந்தால் அது இரக்கம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டுதான் வரும். டெஸ் அதை இரக்கம் என்றே நம்பினான்.

திரையில் பந்தயத் தொடக்கக் கதவுகள் திறந்தன. மெரின் எழுந்து நின்றுகொண்டாள். கடைசித் திருப்பத்தில் லாக்லன் வெளிப்பக்கமாக வந்து, முன்னால் போன மூன்று பேரையும் தாண்டி, ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் ஜெயித்தான். அவள் கைதட்டினாள். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நாலு மாசம் ஆச்சு இவன் ஒண்ணு ஜெயிச்சு. ராத்திரியில தூங்க மாட்டேங்கிறான், தெரியுமா உனக்கு? விட்டுடவானு கேட்டான். போன வாரம்தான் கேட்டான். நான்தான் இந்த சீசன் மட்டும் பார்ப்போம்னேன்." கண்ணைத் துடைத்தாள். "அதுக்குத்தான் வந்தியா? என் மூஞ்சியைப் பார்க்க?"

டெஸ் தலையாட்டினான். ஏன் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது. தலை தானாக ஆடியது.

"கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே. டீ போடறேன், இரு. நீ ஆறாவதுல ஓடினேல்ல? அதையும் பார்த்துடுவோம். இல்லேன்னா தன் ஆளை மட்டும் பார்த்துட்டு டிவியை அணைச்சுட்டாள்னு வெளியே போய்ச் சொல்லுவே."

ரிமோட்டை எடுத்து வலது அம்பை அழுத்தினாள். புள்ளி நகர, கோட்டுக்கு மேலே சின்னச் சின்னப் படங்கள் ஓடின. விளம்பரம், பேச்சு, குதிரை, குதிரை. டெஸ் அவள் விரலையே பார்த்தான். விரல் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் போதும். ஏழாவதின் திருப்பம் ஒரு தீப்பெட்டி அளவுப் படமாக வந்து நிற்கும். அவள் ஆறாவதின் தொடக்கத்தில் விட்டாள். டெஸ் மூச்சை விட்டான். அந்த நிம்மதிக்காக அப்புறம் அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

அவள் சமையலறைக்குள் நின்றபடி எட்டிப் பார்த்தாள். திரையில் டெஸ் ஐந்தாவதாக வந்தான். இறங்கினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சோபாவில் இருந்த டெஸ், அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தால் அவன் நிமிர்ந்து நடந்திருப்பான்.

"ஐயோ பாவம், என்ன ஆச்சு உனக்கு?" என்றாள் மெரின். "அதான் வெளிறிப் போயிருக்கியா? பால் விடவா, வேணாமா?"

"மெரின், இங்கே வா. உட்காரு. நான் ஒண்ணு..."

"இரு, கொதிக்குது."

அவள் இரண்டு கோப்பைகளோடு வந்தபோது, திரையில் அறிவிப்பாளர் காதில் மாட்டியிருந்ததை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார். ஏழாவது பந்தயத்தில் ஒரு மாற்றம். மருத்துவர் அனுமதிக்காததால் டெஸ் காலனன் ஓடவில்லை. அவருக்குப் பதிலாக லாக்லன் ப்ரூவர். அடியில் மஞ்சள் பட்டையில் அதே பெயர் எழுத்தாக ஓடியது.

மெரின் கோப்பைகளை மேஜையில் வைத்தாள். வைத்த விதத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"அவன் முடிஞ்சதுன்னு அனுப்பினானே," என்றாள்.

டெஸ் எழுந்து நின்றான்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். வாசலில் அவன் மூஞ்சியில் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டேன் என்று விளையாட்டாகச் சொன்னவள், இப்போது நின்று நிதானமாகப் படித்தாள்.

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. குதிரைக்கு முன்னங்கால் போயிடுச்சு, அது அவன் மேலேயே விழுந்துடுச்சு. பேசினான், மெரின். உன்னைத்தான் கேட்டான். அதுக்குத்தான் என்னை அனுப்பினாங்க."

"அனுப்பினாங்களா," என்றாள்.

பின்னால் டிவியில் ஏழாவதின் குதிரைகள் வெளியே வந்தன. லாக்லன் வேறு சட்டையில், கொஞ்சம் இறுக்கமான சட்டையில், டெஸ் போட்டிருக்க வேண்டிய நிறத்தில் இருந்தான். மெரின் ரிமோட்டைத் தேடி எடுத்து, அவன் முகத்தை ஒரு நொடி பார்த்து, அணைத்தாள். இழுப்பறையிலிருந்து போனை எடுத்தாள். தவறிய அழைப்புகள் திரை நிறைய இருந்தன. செருப்புக்கூட மாட்டாமல் போய்க் காரில் ஏறினாள்.

ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம். டெஸ் இருபது நிமிஷத்தில் விரட்டினான். அவள் போன் செய்துகொண்டே வந்தாள். வரவேற்பில் இருந்தவர்கள் வேறொரு எண்ணுக்கு மாற்றினார்கள், அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாதி வழியில் போனை மடியில் வைத்தாள்.

"நீ வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கொஞ்ச நேரம்தான்."

"அஞ்சாவது முழுக்க இருந்தே. ஆறாவது முழுக்க இருந்தே. டீ போட விட்டே."

"சொல்ல வந்தேன். நீதான் வாயைத் திறக்காதேன்னு... நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே, மெரின். என்னால முடியல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றாடி மரங்களும் வேலிகளும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு முன்னால் கோடு எதுவும் இல்லை, தாவிப் போக அம்பும் இல்லை. எல்லோரும் போகிற வேகத்தில்தான் அவளும் போக வேண்டியிருந்தது.

அவசரப் பிரிவின் கதவருகே ஒரு செவிலியர் காத்திருந்தார். நடுவயதுப் பெண்மணி. மெரினின் வெறுங்காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"மிஸஸ் ப்ரூவரா? உள்ளே வந்து உட்காருங்கம்மா."

"நின்னுக்கிட்டே கேட்கிறேன். சொல்லுங்க."

செவிலியர் சொன்னார். தங்களால் ஆனதையெல்லாம் செய்தோம் என்றார். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டோம் என்றார்.

"எப்போ?"

"கொஞ்சம் முன்னாடிதாம்மா. பத்து நிமிஷம்கூட இருக்காது. கடைசி வரைக்கும் நினைவு இருந்தது. ஒவ்வொரு தடவை அந்தக் கதவு திறக்கும்போதும் நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டார். வந்துட்டே இருக்காங்கன்னு நான்தான் சொல்லிட்டிருந்தேன்."

டெஸ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். கணக்குப் போட அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் ஓட்டமும், இன்னோர் ஓட்டமும், ஒரு டீயும். அவ்வளவு நேரம் மிச்சமாகியிருந்தால் போதும். அவள் அந்தக் கதவைத் திறந்திருப்பாள்.

செவிலியர் கதவைத் தள்ளிப் பிடித்தார். மெரின் நடந்தாள். டெஸ்ஸும் ஓர் அடி எடுத்து வைத்தான்.

அவள் திரும்பினாள். கோபமாகத் திரும்பியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் களைத்துப்போனவளாகத் திரும்பினாள்.

"நீ வராதே, டெஸ்," என்றாள். "அவன் என்னைக் கேட்டுக்கிட்டே கிடந்தப்போ, நீதான் ரெண்டு ரேஸ் உட்கார்ந்து பார்த்தியே."