இடக்கை எங்கே?

கவிச்சுடருக்கு ஆங்கிலம் தன்னைப் பாராட்டும் வாக்கியங்களைப் படிக்கும் அளவுக்குத் தெரியும். ஆகவே மனைவி மாலை நேர மொழிபெயர்ப்பு வகுப்பில் சேர்ந்து, அவருடைய கவிதையையே ஒப்படைப்புக்கு எடுத்திருக்கிறாள் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"நல்லா செய்மா. வெளிநாடு போகப்போற கவிதை."

அது நான்கே வரி:

மாடிப்படியில் நீ இறங்கிவரும் சத்தம்
என் விடியலை எழுப்புகிறது.
இடக்கையால் நீ ஊற்றித் தந்த தேநீரில்
என் ஆயுள் ஆவி பறக்கிறது.

பத்து வருடமாக எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் அவர் இறங்கியதில்லை. சொல்வதற்கு முன் முன்வரிசையைக் கைகாட்டி, "இது என் மனைவிக்கு" என்பார். கைத்தட்டலுக்கு அவள் பாதி எழுந்து பாதி உட்காருவாள். கல்யாணத்தில் மிஞ்சிய மரியாதை அது ஒன்றுதான் என்பதால் விடாமல் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பில் மொழிபெயர்ப்பைவிட அதற்கான விளக்கவுரைக்குத்தான் மதிப்பெண் அதிகம். எந்தச் சொல்லை ஏன் எடுத்தாய், எதை ஏன் விட்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். அவள் கொடுத்த முதல் வரைவின் ஓரத்தில் பேராசிரியை எழுதியிருந்தார்: 'இடக்கை எங்கே? விட்டது குற்றமில்லை. ஏன் விட்டீர்கள் என்று சொல்லாததுதான் குற்றம். கவிஞர் உயிரோடு இருந்தால் கேட்டுப்பாருங்கள்.'

கவிஞர் உயிரோடு, சோபாவில், காலை நீட்டியபடி இருந்தார்.

"ஏங்க, இதுல இடக்கைன்னு ஏன் போட்டீங்க? வரி நீளுதுன்னு நான் எடுத்துட்டேன்."

"எடுத்தா எடுத்துக்கோ."

ஒரு கமாவை அச்சகம் விட்டதற்கு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர் இவர்.

"காரணம் எழுதணும். நான் வலக்கைக்காரி. நாம மாடி வீட்டுல இருந்ததே இல்ல. படி எங்கேருந்து வந்துச்சு?"

"கற்பனைம்மா! கவிதையைப் போஸ்ட்மார்ட்டம் பண்ணாதே. ஆன்மாவைப் பாரு!"

ஆன்மாவுக்கு மதிப்பெண் கிடையாது. எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டோம் என்றும் விளக்கவுரையில் குறிப்பிட வேண்டும். வீட்டிலிருந்த முதல் பதிப்புகளையெல்லாம் கவிச்சுடர் கையெழுத்திட்டுப் பரிசளித்துத் தீர்த்திருந்தார். எனவே மறுநாள் காலை அவள் பதிப்பகத்துக்குப் போனாள்.

கீழே அலுவலகம், மேலே பதிப்பாளர் தனியாகக் குடியிருக்கும் வீடு. வரவேற்பு மேசையில் யாருமில்லை. உள்ளே மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல்.

"வாங்கக்கா! என்ன அதிசயமா இந்தப் பக்கம்? போன் பண்ணியிருந்தா புக்கை அனுப்பியிருப்பேனே."

பதிப்பாளர் அலமாரியிலிருந்து முதல் பதிப்பை எடுத்துத் தந்தாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து கோப்பையில் தேநீர் ஊற்ற ஆரம்பித்தாள். இடக்கையால்.

பதிப்பாளர் இடக்கைக்காரி என்பது அவளுக்குப் புதிதல்ல. ஏழு தொகுப்புகளின் ஒப்பந்தத்தில் இந்தக் கை கையெழுத்துப் போட்டதை அருகிலிருந்தே பார்த்திருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் யாரும் ஓரத்தில் கேள்வி எழுதவில்லை.

அவள் பார்வை நின்ற இடத்தைப் பதிப்பாளர் கவனித்துவிட்டாள். சட்டென்று பிளாஸ்கை வலக்கைக்கு மாற்றினாள். பழகாத கை. தேநீர் மேசையெல்லாம் ஓடியது.

"ஐயோ, அக்கா, அது..."

"பரவாயில்ல. ஒரு சந்தேகம் இருந்துச்சு. தீர்ந்துடுச்சு."

இத்தனை அரங்குகளில் இவளும் அதே முன்வரிசையில், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துதானே கைதட்டினாள்? இவள் சிரிப்பாள், தான் எழுந்து நிற்பாள். திரும்பும் பேருந்தில் அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு எரிந்தது. படுக்கையைப் பங்கு போட்டதாவது மறைவாக நடந்தது. கைத்தட்டலை மேடை போட்டு, விளக்குப் போட்டுப் பங்கு வைத்திருக்கிறார்கள்.

அன்று மாலை விளக்கவுரையை எழுதி முடித்தாள். தன் மேதைமையைப் பற்றி எத்தனை பக்கம் என்று பார்க்கக் கவிச்சுடர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். ஆங்கிலம் அன்றைக்கு என்னவோ அவருக்குத் தடையில்லாமல் புரிந்தது.

'முதல் வரைவில் இடக்கையை விட்டிருந்தேன். இப்போது சேர்த்திருக்கிறேன். படிகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். காரணம்: இந்தக் கவிஞர் கற்பனை செய்யாமல் எழுதிய வரிகள் இவை மட்டுமே. மேடையில் அவர் சொல்லும் சமர்ப்பணத்தைச் சேர்க்கவில்லை. காரணம்: அவருடைய கற்பனை முழுவதும் அதில்தான் இருக்கிறது.'

கவிச்சுடர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். எழுத்து மாறவில்லை.

"இந்தப் பாராவை... எடுத்துடேன்மா."

"எடுக்கலாம்," என்றாள், தாள்களை அவர் கையிலிருந்து வாங்கி அடுக்கியபடி. "ஏன் எடுத்தேன்னு காரணம் எழுதணும். நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பேனாவைத் திறந்து காத்திருந்தாள். சொல்லுக்குப் பஞ்சமே இல்லாத மனிதர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.